தலை சுற்றினால் காதைக் கேளுங்கள்

மணிக்கணக்கில் நீடிக்கும் தலைசுற்றல், அதோடு காது அடைப்பு, இரைச்சல், மந்தமான கேட்பு. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியே கேட்கின்றன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

தலைசுற்றல் என்றால் பித்தம் என்கிறார் மாமியார். பி.பி. என்கிறார் கணவர். கழுத்து எலும்புத் தேய்மானம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?
*வாசகி, கும்பகோணம்*

மூவருமே காதை மறந்துவிட்டார்கள். நம் உடம்பு நேராக நிற்கிறதா, திரும்புகிறதா, சாய்கிறதா என்பதை மூளைக்குச் சொல்லும் முக்கியமான உறுப்பு உட்காதில்தான் இருக்கிறது. கேட்கும் உறுப்பும் அதற்கு ஒட்டினாற்போல அங்கேயே இருக்கிறது. அதனால் தலைசுற்றல் என்று யார் வந்தாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். முதலாவது, அறையே சுழன்றதா, அல்லது கண் இருட்டி மயக்கம் வருவது போல இருந்ததா? இரண்டாவது, எவ்வளவு நேரம்? மூன்றாவது, அந்த நேரத்தில் காது என்ன செய்தது?

எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போதும் மின்விசிறியோடு கூரையும் சேர்ந்து சுழன்றால், பெரும்பாலும் முதலில் பார்க்க வேண்டியது காது. கழுத்து எலும்புத் தேய்மானம் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு எக்ஸ்ரேயில் தெரியும். படத்தில் தெரிகிறது என்பதற்காக அதுவே சுழற்சிக்குக் காரணமாகிவிடாது.

எவ்வளவு நேரம் சுற்றியது என்பதை வைத்தே நோயைச் சொல்லிவிட முடியுமா?
*வாசகர், ஈரோடு*

முழுவதும் சொல்ல முடியாது. ஆனால் பாதி வழி வந்துவிடலாம்.

படுக்கையில் புரளும்போதும், பரணைப் பார்க்கத் தலையை நிமிர்த்தும்போதும் சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், உட்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். அதில் காது கேட்பது குறையாது. தலையைச் சில கோணங்களில் திருப்பும் பயிற்சியிலேயே அது சரியாகிவிடும்.

ஒரே மூச்சாக நாள் கணக்கில் சுற்றி, கேட்பு அப்படியே இருந்தால், சமநிலை நரம்பில் ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம்.

இரண்டுக்கும் நடுவில், 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றி, தானாக நின்று, சில வாரமோ மாதமோ கழித்துத் திரும்ப வந்தால், அதுவும் ஒவ்வொரு முறையும் அதே காது அடைத்து இரைந்தால், மெனியர் நோயைச் சந்தேகிக்கிறோம். உட்காது நீரின் சமநிலை குலைவதோடு இணைத்துப் பேசப்படும் நோய் இதுதான்.

இங்கே மணி பார்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "இரண்டு நாள் சுற்றியது" என்று சொல்பவரிடம் நிதானமாக விசாரித்தால், அறை சுழன்றது மூன்று மணி நேரம்தான் என்று தெரியும். மீதி நேரமெல்லாம் தள்ளாட்டமும் சோர்வும். கணக்கில் வருவது சுழன்ற நேரம் மட்டும்.

நான் ஆசிரியை, வயது 44. பிப்ரவரியில் வகுப்பில் இருந்தபோது வலது காதில் பஞ்சு வைத்தது போல அடைத்தது. உள்ளே "ஓ" என்று ஒரே இரைச்சல். கால் மணி நேரத்தில் கரும்பலகை சுழல ஆரம்பித்தது. வாந்தி நிற்கவில்லை. மருத்துவமனையில் ஈ.சி.ஜி., சர்க்கரை, தலை ஸ்கேன் எல்லாம் சரி என்றார்கள். சுழற்சி மூன்று மணி நேரத்தில் நின்றது. இரண்டு நாள் சுவரைப் பிடித்து நடந்தேன். மூன்றாம் நாள் காது திறந்தது. கழுத்துக்குப் பட்டை போடச் சொன்னார்கள். மே மாதம் மறுபடி வந்து இரண்டு மணி நேரம் சுற்றியது. ஆகஸ்டில் மூன்றாவது முறை. அப்போது மறுநாளே, காது அடைத்திருக்கும்போதே, கேட்புப் பரிசோதனை செய்தேன். 12 நாள் கழித்து மறுபடி செய்தேன். இரண்டு தாள்களின் நகலையும் அனுப்பியிருக்கிறேன். என்ன சொல்கின்றன?
*ஆசிரியை, திண்டுக்கல்*

அம்மா, மறுநாளே பரிசோதனைக்குப் போனீர்கள் பாருங்கள், அதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஆடியோகிராமில் இடமிருந்து வலமாகத் தடித்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை குறித்திருப்பார்கள். மேலிருந்து கீழாக டெசிபல். கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பு குறைகிறது என்று பொருள். உங்கள் இடது காது எல்லா ஒலிகளிலும் 15 டெசிபல், இது இயல்பு. வலது காது முதல் தாளில் 250 ஹெர்ட்ஸில் 50, 500-இல் 50, 1000-இல் 40. ஆனால் 2000-இலும் 4000-இலும் 20 மட்டுமே. அதாவது தடித்த ஒலிகளின் பக்கம் பள்ளம், கீச்சொலிகளின் பக்கம் மேடு. வயதானால் வரும் காது மந்தம் இதற்கு நேர்மாறு. அதில் கீச்சொலிகள்தான் முதலில் போகும்.

இரண்டாவது தாளில் அதே வலது காது 250-இல் 25, மற்ற எல்லாவற்றிலும் 20. பள்ளம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. இப்படி இறங்கி ஏறுவதே பெரிய தடயம்.

இனி நிபுணர்கள் 2015-இல் சர்வதேச அளவில் ஒப்புக்கொண்ட அளவுகோலோடு பொருத்துவோம். தானாக வந்த சுழற்சி இரண்டு முறையாவது, ஒவ்வொன்றும் 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு மூன்று முறை வந்திருக்கிறது. அந்தக் காதில் தடித்த ஒலிகளின் கேட்பு குறைந்ததற்கு ஒரு முறையாவது பரிசோதனைச் சான்று வேண்டும். அடுத்தடுத்த இரண்டு இடங்களில் மறு காதைவிட 30 டெசிபலாவது குறைவாக இருக்க வேண்டும். உங்களுக்கு 250, 500 இரண்டிலும் 35 டெசிபல் வித்தியாசம். அதே காதில் ஏறி இறங்கும் அடைப்போ இரைச்சலோ கேட்புக் குறைவோ இருக்க வேண்டும், இருக்கிறது. கடைசியாக, வேறு நோய் எதுவும் இதை இன்னும் நன்றாக விளக்கக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனை மட்டும்தான் உங்களுக்கு பாக்கி. ஒரு பக்கக் காது மட்டும் மந்தமானால், கேட்பு நரம்பை ஒட்டி வளரும் சாதுவான கட்டி ஒன்றை விலக்கியாக வேண்டும். அதற்கு உட்காதுப் பகுதியை மட்டும் நுணுக்கமாகப் பார்க்கும் எம்.ஆர்.ஐ. தேவை. முதல் நாள் அவசரத்தில் எடுத்த தலை ஸ்கேன் போதாது. அதை உங்கள் ஈ.என்.டி. டாக்டரிடம் கேளுங்கள். கழுத்துப் பட்டை இன்னும் வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

உட்காதில் நீர் கூடுகிறது என்கிறார்கள். குளிக்கும்போது போன நீரா?
*கல்லூரி மாணவர், கோவில்பட்டி*

இல்லை. குளித்த நீர் காதுச் சவ்வோடு நின்றுவிடும். இது உடம்பே சுரக்கும் நீர்.

சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே டயர், உள்ளே டியூப். உட்காதிலும் எலும்பாலான வெளிக்கூடு ஒன்று, அதற்குள் மெல்லிய சவ்வாலான குழாய் ஒன்று. குழாய்க்குள் ஒரு நீர், குழாய்க்கும் எலும்புக்கும் இடையில் இன்னொரு நீர். உள்நீரில் பொட்டாசியம் மிகுதி, வெளிநீரில் சோடியம் மிகுதி. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் உட்காதின் உணர்வு செல்கள் வேலை செய்கின்றன. உள்நீர் ஒரு பக்கம் சுரந்துகொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் ஒரு சிறு பையில் வடிந்துகொண்டே இருக்கும். எல்லாம் சேர்த்தாலும் சில துளிகள்தான்.

வரவும் வடிதலும் ஒத்துப்போகாவிட்டால் உள்குழாய் புடைக்கிறது. கேட்கும் பகுதியில் தடித்த ஒலிகளைப் பிடிக்கும் நுனி இந்தப் புடைப்பால் முதலில் பாதிக்கப்படுவதாகக் கருதுகிறார்கள். திண்டுக்கல் ஆசிரியையின் படத்தில் பள்ளம் இடது ஓரத்தில் விழுந்ததற்கு அதுவே விளக்கம்.

சுழற்சி ஏன் திடீரென்று வந்து மணிக்கணக்கில் நிற்கிறது என்பதற்கும் ஒரு கருத்து உண்டு. புடைத்த சவ்வு ஓரிடத்தில் கிழிகிறது. பொட்டாசியம் மிகுந்த நீர் வெளிநீரோடு கலக்கிறது. நரம்பு சில மணி நேரம் நிலைகுலைகிறது. கிழிசல் மூடியதும் எல்லாம் அடங்குகிறது. அழகாகப் பொருந்தும் விளக்கம்தான், ஆனால் நிரூபணமான ஒன்று அல்ல. உயிரோடு இருப்பவரின் காதில் அந்தக் கிழிசலை யாரும் நேரில் பார்த்ததில்லை.

பார்க்க முடியாத நீரை எதை வைத்துச் சந்தேகிக்கிறீர்கள்? முதலில் சொன்னது யார்?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை*

1861-இல் பாரிசில், காது கேளாதோருக்கான நிறுவனத்தின் மருத்துவராக இருந்த பிராஸ்பர் மெனியர் ஒரு கட்டுரை வாசித்தார். திடீரென்று சுழன்று விழுந்து வாந்தி எடுப்பவர்களை அந்தக் காலத்தில் மூளையில் ரத்தம் கட்டியவர்கள் என்று கருதி, ரத்தத்தை வடித்து வைத்தியம் செய்வார்கள். இவர்களில் பலருக்குக் காதிலும் இரைச்சலும் மந்தமும் இருக்கின்றனவே, கோளாறு உட்காதில் இருக்கக் கூடாதா என்று அவர் கேட்டார். மறு ஆண்டே இறந்துவிட்டார்.

நீர் விவகாரம் வெளிப்பட்டது 1938-இல். லண்டனில் ஹால்பைக்கும் கெய்ர்ன்ஸும், இந்த நோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு பிறகு இறந்துபோன இருவரின் காதெலும்பைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்குழாய் உப்பியிருந்தது. அதே ஆண்டு ஜப்பானில் யமகாவாவும் தனியாக இதையே கண்டார்.

அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான காதெலும்புகளைப் பார்த்தாகிவிட்டது. மெனியர் நோய் உறுதியாக இருந்தவர்களின் காதில் இந்தப் புடைப்பு இருக்கிறது. ஆனால் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சுழற்சி வராத சிலரின் காதிலும் அது இருந்திருக்கிறது. ஆகவே புடைப்புதான் நோய்க்குக் காரணமா, அல்லது வேறொரு கோளாறு விட்டுச்சென்ற அடையாளமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. "சந்தேகிக்கிறோம்" என்ற சொல்லை டாக்டர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

எம்.ஆர்.ஐ. சரியாக இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் எனக்கு நோயே இல்லையா?
*வாசகர், நாகர்கோவில்*

கட்டி இல்லை என்று பொருள். நோய் இல்லை என்று பொருள் அல்ல. வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் உட்காது நீரின் புடைப்பு தெரியாது. ஊசி வழியாக மருந்து செலுத்தி, சுமார் 4 மணி நேரம் காத்திருந்து எடுக்கும் தனி முறையில் தெரியும். அதைச் சில மையங்களில்தான் செய்கிறார்கள். நோயை உறுதிசெய்ய அது கட்டாயமும் அல்ல.

காது அடைப்புக்குக் குறும்பி காரணமா, உட்காது காரணமா? வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?
*வாசகி, பட்டுக்கோட்டை*

குறிப்பு தரும் வழி ஒன்று உண்டு. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று தாழ்ந்த குரலில் முனகுங்கள். அடைத்த காதிலேயே ஒலி பலமாகக் கேட்டால், குறும்பியோ நடுக்காதுக் கோளாறோ இருக்க வாய்ப்பு அதிகம். அடைக்காத காதுப் பக்கம் ஒலி போய்விட்டால் உட்காதைச் சந்தேகிக்க வேண்டும். டாக்டர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே சோதனைதான். முனகிப் பார்த்தது டாக்டரிடம் போகத் தூண்டட்டும், போகாமல் இருக்கக் காரணமாகிவிடக் கூடாது.

காதில் எண்ணெய் காய்ச்சி விட்டால் அடைப்பு போகுமா?
*வாசகி, அரியலூர்*

எண்ணெய் காதுச் சவ்வைத் தாண்டாது. சவ்வில் ஓட்டை இருந்தால் தாண்டும், அப்போது சீழ் வைக்கும். இரண்டு வகையிலும் வேண்டாம்.

நான் பாட்டு டீச்சர். அடைப்பு வந்த நாட்களில் சுருதிப் பெட்டி இடது காதில் ஒரு சுருதியாகவும் வலது காதில் வேறு சுருதியாகவும் கேட்கிறது. பாத்திரம் உருண்டால் தாங்க முடியவில்லை. காது மந்தம் என்றால் சத்தம் குறையத்தானே வேண்டும்?
*பாட்டு ஆசிரியை, திருவையாறு*

உங்கள் காது பழுதை உங்களைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது. உட்காதின் செல்கள் பாதிக்கப்பட்டால் இரண்டு மாற்றங்கள் நேரலாம். ஒரே ஸ்வரம் இரண்டு காதில் இரண்டு விதமாக விழலாம். மெல்லிய ஒலி கேட்காமல் போய், பலமான ஒலி மட்டும் சட்டென்று தாங்க முடியாத அளவுக்கு ஏறலாம். வெறும் குறும்பி அடைப்பில் இப்படி நடக்காது. ஆகவே இவை இரண்டும் உட்காதைக் காட்டும் நல்ல தடயங்கள்.

அடைப்பு நாட்களில் தம்பூரா சேர்ப்பதை வேறொருவரிடம் விடுங்கள். கேட்புப் பரிசோதனை செய்பவரிடம் இந்த இரண்டு விஷயங்களையும் நீங்கள் எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

உப்பைக் குறைத்தால் போதும் என்கிறார்களே. இந்துப்புக்கு மாறிவிடலாமா? தண்ணீரையும் குறைக்கட்டுமா?
*வாசகர், தூத்துக்குடி*

தண்ணீரைக் குறைக்க வேண்டாம். குடிக்கும் தண்ணீர் நேராக உட்காதில் போய்த் தேங்குவதில்லை.

உப்பைக் குறைக்கச் சொல்வது பல பத்தாண்டு வழக்கம். உடம்பில் சோடியம் ஏறி இறங்கினால் உட்காது நீரும் ஏறி இறங்கும் என்ற எண்ணம் அதன் அடிப்படை. இதனால் சுழற்சி குறையும் என்று உறுதியாகக் காட்டும் நல்ல ஆய்வு இல்லை. ஆனாலும் நானும் குறைக்கச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் கீழ்தான் சொல்கிறது. நம் வீட்டில் குழம்பு, ரசம், பொரியலோடு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு என்று சேர்த்தால் அந்த வரம்பு எளிதில் தாண்டிவிடும். நாளுக்கு நாள் அளவு தாறுமாறாக ஏறி இறங்காமல் ஒரே சீராகக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்துப்பும் உப்புதான், அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடு. கடையில் சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

பீட்டாஹிஸ்டின் மாத்திரை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். சுழற்சி குறைந்திருக்கிறது. மாத்திரையின் வேலைதானே?
*வாசகர், சேலம்*

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 2016-இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. இந்த நோய் உள்ள 221 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து 9 மாதம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்குக் குறைந்த அளவு பீட்டாஹிஸ்டின், ஒன்றுக்கு அதிக அளவு, ஒன்றுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. மூன்று பிரிவிலும் சுழற்சி குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவுக்கு.

இந்த நோய் அலையலையாக வரும். சில மாதம் அடிக்கடி தாக்கும், பிறகு தானே ஓயும். மிக மோசமான வாரத்தில்தான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம். அங்கிருந்து நிலைமை மேலேறத்தான் வாய்ப்பு அதிகம். அப்போது எதைச் சாப்பிட்டாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். மாத்திரை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்வதால் பலரும் தருகிறோம். சுழற்சி நின்று நெடுநாள் ஆகியிருந்தால், மெல்ல நிறுத்திப் பார்க்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி.

சுழற்சி வந்துவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது? எப்போது பயப்பட வேண்டும்?
*வாசகி, வேலூர்*

இருந்த இடத்திலேயே உட்காருங்கள் அல்லது படுங்கள். எந்தப் பக்கம் படுத்தால் சுழற்சி குறைகிறதோ அந்தப் பக்கம் ஒருக்களித்து, அசையாத ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த வாந்தி, சுழற்சி மாத்திரையைப் போடுங்கள். அது தாக்குதல் நேரத்துக்கு மட்டும்தான். மாதக்கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டால், மூளை தன் சமநிலையைத் தானே சீர்படுத்திக்கொள்வது தாமதமாகும். சில மாத்திரைகள் கைநடுக்கத்தையும் கொண்டுவரும்.

வீட்டில் ஒருவர் செல்போனில் உங்கள் கண்களை அருகிலிருந்து படம் பிடிக்கட்டும். சுழலும்போது கருவிழி ஒரு பக்கமாக வெட்டி வெட்டி ஓடும். டாக்டருக்கு அது பெரிய உதவி.

வாய் கோணுதல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் வலுவிழத்தல், இதுவரை வராத கடும் தலைவலி, பிடித்துக்கொண்டாலும் நிற்கவே முடியாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் காது என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள், பக்கவாதமாக இருக்கலாம். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயதானவர், சர்க்கரையும் பி.பி.யும் உள்ளவர் முதல் முறையாகச் சுழற்சியோடு காதும் கேளாமல் போனால் அதையும் இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உட்காதுக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளம் மூளைக்கு ரத்தம் தரும் நாளத்திலிருந்துதான் பிரிகிறது.

இன்னொன்று. சுழற்சி நின்றும் காது திறக்கவில்லை என்றால் வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டாம். திடீர்க் காது கேளாமைக்கு ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. முதல் இரண்டு வாரம் பொன்னானது.

எனக்குச் சுழற்சியோடு ஒற்றைத் தலைவலியும் வருகிறது. வெளிச்சம் பிடிக்காது. இதுவும் மெனியரா?
*வாசகி, கோவை*

ஒற்றைத் தலைவலியே சுழற்சியாகவும் வரும். 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். சில சமயம் காதும் அடைக்கும். அதனால் இரண்டையும் பிரிப்பது எங்களுக்கே கடினம். பிரித்துக் காட்டுவது ஆடியோகிராம்தான்: தலைவலி வகையில் கேட்பு பெரும்பாலும் இறங்குவதில்லை, இறங்கினாலும் மெனியரைப் போல ஆண்டுகள் போகப் போக அதே காதில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. அப்போது இரண்டுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும்.

இந்த நோய் வந்தால் வேலை, வாழ்க்கை எல்லாம் முடிந்ததா? ஆபரேஷன் உண்டா?
*லாரி ஓட்டுநர், நாமக்கல்*

1961-இல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட். பிறகு இந்த நோய் வந்து, அவர் பறக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் டாக்டர் வில்லியம் ஹவுஸ், உட்காது நீர் வடியும் பையில் சிறு குழாய் வைத்து அறுவை சிகிச்சை செய்தார். 1971-இல், தன் 47-ஆம் வயதில், அப்போலோ 14-இல் போய் ஷெப்பர்ட் நிலவில் நடந்தார்.

ஆனால் ஒருவரின் கதையை வைத்து எல்லோரையும் மேஜையில் படுக்க வைக்க முடியாது. அந்த வகை அறுவையை, நீர்ப்பையைத் தொடாத போலி அறுவையோடு டென்மார்க்கில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 1981-இல் வந்த முடிவில் இரண்டு பிரிவினரும் நன்றாகவே தேறியிருந்தார்கள். அதன் பயன் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

மாத்திரையும் உப்புக் கட்டுப்பாடும் போதாதபோது, காதுச் சவ்வு வழியாக நடுக்காதில் ஸ்டீராய்டு ஊசி போடலாம்; கேட்பைப் பெரிதாகப் பாதிக்காது. அதற்கும் அடங்காவிட்டால் ஜென்டாமைசின் ஊசி. அது அந்தக் காதின் சமநிலை உறுப்பை வேண்டுமென்றே மங்கச் செய்கிறது. சுழற்சியை நன்றாக அடக்கும், ஆனால் கேட்பு குறையும் ஆபத்து உண்டு. மறு காது நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே போட வேண்டும்.

உங்களுக்கு நேராகச் சொல்கிறேன். தாக்குதல் வந்துகொண்டிருக்கும் காலத்தில் லாரி ஓட்டக் கூடாது. அடைப்பும் இரைச்சலும் முன்கூட்டியே எச்சரிக்கும் என்று நம்ப வேண்டாம். சிலரை எந்த எச்சரிக்கையும் இல்லாமல், நினைவு தப்பாமலே, யாரோ தள்ளிவிட்டது போலக் கீழே சாய்த்துவிடும் வகையும் இதில் உண்டு. எப்போது திரும்ப ஓட்டலாம் என்பதை டாக்டர் எழுத்தில் தரட்டும்.

போகப் போகக் காது முழுவதும் போய்விடுமா?
*வாசகி, புதுச்சேரி*

பெரும்பாலோருக்குச் சுழற்சி ஆண்டுகள் போகப் போகக் குறையும். கேட்பு அப்படி அல்ல. முதலில் இறங்கி ஏறும், பிறகு ஏறுவது குறைந்து ஓரளவு மந்தத்தில் நின்றுவிடும். முழுச் செவிடாவது அரிது. பெரும்பாலும் ஒரு காதோடு நிற்கும், சிலருக்கு மறு காதும் சேரும். அப்போது கேட்புக் கருவி உதவும். ஏறி இறங்கும் காதுக்கு ஏற்ப அளவை மாற்றக்கூடிய கருவியாகக் கேளுங்கள்.

டாக்டரிடம் போகும் நாளில் எல்லாம் சரியாகிவிடுகிறது. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். என்னதான் செய்வது?
*வாசகர், தர்மபுரி*

நோய் வந்துபோகும், நீங்கள் அது இருக்கும்போது போக வேண்டும். சுழற்சி ஓய்ந்து நடக்க முடிந்த உடனே, காது இன்னும் அடைத்திருக்கும்போதே, அருகில் எங்கே ஆடியோமெட்ரி இருக்கிறதோ அங்கே போய்க் கேட்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஈ.என்.டி. டாக்டரின் நேரம் அடுத்த வாரம்தான் கிடைக்கும் என்றாலும் பரவாயில்லை, தாளை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மையம், எப்போது திறக்கும் என்பதை நன்றாக இருக்கும் இன்றே விசாரித்து வையுங்கள். டாக்டரிடம் பரிசோதனைச் சீட்டையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காது திறந்த பிறகு, இரண்டு வாரத்துக்குள், அதே மையத்தில் இன்னொரு முறை செய்யுங்கள்.

அதோடு ஒரு நோட்டில் நான்கே குறிப்பு: தேதி, அறை சுழன்ற நேரம் எப்போதிலிருந்து எப்போது வரை, எந்தக் காது, அடைப்பும் இரைச்சலும் சுழற்சிக்கு முன் வந்தனவா பின் வந்தனவா. இந்த நோட்டும் அந்த இரண்டு தாள்களும் கையில் இருந்தால், "ஒன்றும் இல்லை" என்று உங்களை அனுப்புவது எந்த டாக்டருக்கும் எளிதாக இருக்காது.